காபியை நிறுத்தினேன், கல் நிற்கவில்லை

எனக்கு முதல் சிறுநீரகக் கல் வந்தது ஒரு இரவு இரண்டரை மணிக்கு. வலது விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் ஏதோ பிடித்த மாதிரி ஆரம்பித்தது, பத்தே நிமிடத்தில் படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை, நடந்தாலும் நின்றாலும் வலி ஒரே அளவில் இருந்தது. வாந்தி எடுத்தேன். மனைவி என்னை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் வழியெல்லாம் கார் கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தேன். ஊசி போட்டு வலி அடங்கிய பிறகு ஸ்கேன் செய்தார்கள். வலது சிறுநீர்க்குழாயின் கீழ்ப்பகுதியில் 5 மில்லிமீட்டர் கல். ரத்தப் பரிசோதனையில் யூரிக் ஆசிட் 7.8. "தண்ணீர் நிறைய குடியுங்கள், தானாகப் போய்விடும், யூரிக் ஆசிட் கூடுதலாக இருக்கிறது, காபியை நிறுத்திவிடுங்கள்" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். அடுத்த எட்டு மாதம் நான் செய்த தவறுகளெல்லாம் அதிலிருந்துதான் தொடங்கின, அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதல் தவறு, கல்லைப் பிடித்து வைக்காதது. ஆறாவது நாள் வலி திடீரென்று நின்றது, கல் வெளியே போயிருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இரண்டு வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. அப்பாடா என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். சாதாரண எக்ஸ்ரேயில் யூரிக் ஆசிட் கற்கள் தெரியவே தெரியாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. கால்சியம் உள்ள கற்கள்தான் எக்ஸ்ரேயில் வெள்ளையாக விழும். யூரிக் ஆசிட் கல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்தப் படத்தில் இடம் வெறுமையாகத்தான் இருக்கும், சி.டி. ஸ்கேனில்தான் அது தெளிவாகத் தெரியும். கல் வந்து போனவர்கள் யாராவது "எக்ஸ்ரே கிளியர்" என்று சொன்னால், உங்கள் கல் எந்த வகை என்று தெரியுமா என்றுதான் இப்போது நான் முதலில் கேட்கிறேன்.

இரண்டாவது, காபி. அதுவரை நான் ஒரு நாளைக்கு நான்கு கப் குடித்துக்கொண்டிருந்தேன், ஒரு கப் சுமார் 150 மில்லி. வீட்டுக்கு வந்த அன்றே நிறுத்தினேன். மூன்று நாள் தலைவலி தாங்கவில்லை, கண்ணுக்குப் பின்னால் யாரோ அழுத்துகிற மாதிரி. வேலையில் கவனம் போனது, வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். ஆனாலும் கல் திரும்ப வராதென்றால் இதெல்லாம் பரவாயில்லை என்று இருந்தேன். யோசித்துப் பார்த்தால், நான்கு கப் என்பது நாளுக்கு 600 மில்லி நீர். அதை நிறுத்திய நான் அந்த 600 மில்லியைத் தண்ணீராகக் குடிக்கவில்லை. பாதி நாள் எதுவும் குடிக்கவில்லை, மீதி நாள் சோர்வுக்காக இனிப்புக் குளிர்பானம் குடித்தேன். அந்த இனிப்பில் இருக்கிற ஃபிரக்டோஸ் கல்லீரலில் உடையும்போது யூரிக் ஆசிட்டைக் கூட்டும். நல்லது என்று நினைத்து ஒன்றை விட்டுவிட்டு, உண்மையிலேயே கெடுதலான ஒன்றைக் கையில் எடுத்திருந்தேன்.

காபிக்கும் யூரிக் ஆசிட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ஏன் எல்லோரும் நினைக்கிறார்கள் என்பதைப் பின்னால்தான் புரிந்துகொண்டேன். யூரிக் ஆசிட் உடம்பில் பியூரின் என்ற பொருள் உடையும்போது உண்டாவது. காபியில் இருக்கிற கேஃபீனும் வேதியியல் வடிவத்தில் பியூரின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால் "காபியில் பியூரின் இருக்கிறது, ஆகவே யூரிக் ஆசிட் ஏறும்" என்ற பேச்சு வந்துவிட்டது. ஆனால் உடம்பு கேஃபீனை உடைக்கும்போது வருவது மெத்தில் யூரிக் ஆசிட் என்ற வகைப் பொருட்கள். பெயர் ஒட்டியிருந்தாலும் அவை வேறு, கல்லாகவும் மூட்டு வலியாகவும் படிகிற யூரிக் ஆசிட் அவற்றிலிருந்து வருவதில்லை. அமெரிக்காவில் ஏறக்குறைய 46 ஆயிரம் ஆண்களை 12 வருடம் தொடர்ந்து பார்த்து 2007-ல் வெளியான ஆய்வில், நாளுக்கு நான்கைந்து கப் காபி குடித்தவர்களுக்கு, குடிக்காதவர்களைவிட கவுட் என்ற அந்த மூட்டு வலி வருவது 40 சதவீதம் குறைவாக இருந்தது. கேஃபீன் நீக்கிய காபி குடித்தவர்களிடமும் குறைவு தெரிந்தது, டீ குடித்தவர்களிடம் தெரியவில்லை. ஆக, கேஃபீனைத் தாண்டி காபியில் வேறு ஏதோ அந்த வேலையைச் செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எப்படியிருந்தாலும் காபி யூரிக் ஆசிட்டை ஏற்றுகிறது என்பதற்கு நேர் எதிர்ப்பக்கம்தான் இந்த முடிவு நிற்கிறது.

சரி, கதைக்கு வருகிறேன். எட்டு மாதம் காபி ஒரு சொட்டு தொடவில்லை. எட்டாவது மாதம் இடது பக்கம் வலி வந்தது. இந்த முறை வேறு மருத்துவமனை. சி.டி. ஸ்கேனில் இடது சிறுநீர்க்குழாயில் 4 மில்லிமீட்டர் கல் ஒன்று, சிறுநீரகத்துக்குள்ளேயே 9 மில்லிமீட்டர் கல் ஒன்று. அதே நாளில் எடுத்த எக்ஸ்ரேயில் இரண்டுமே இல்லை. அந்த 9 மில்லிமீட்டர் கல்லை லேசரால் உடைக்க வேண்டும் என்று தேதி குறித்தார்கள், நான் பயத்தில் முன்பணமும் கட்டிவிட்டேன். அன்று இரவு உட்கார்ந்து சி.டி. ரிப்போர்ட்டை வரிவரியாகப் படித்தபோது, கல்லுக்குப் பக்கத்தில் "420 HU" என்று ஒரு எண் இருந்தது. அது கல்லின் அடர்த்தி. இந்த எண் 500-க்குக் கீழே இருந்தால் யூரிக் ஆசிட் கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம், கால்சியம் கற்கள் பொதுவாக இதைவிட மிக அதிகமாகக் காட்டும். உறுதியான நிரூபணம் ஆகாது, நல்ல துப்பு. அதைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டாவது கருத்துக்காக வேறொரு சிறுநீரக மருத்துவரிடம் போனேன். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "முதல் கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பினீர்களா?"

அனுப்பவில்லை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் ஒரு சின்ன வலை வடிகட்டியைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு முறையும் இதன் வழியாகத்தான் போக வேண்டும் என்றார். நான்காம் நாள் காலை வலையில் ஒன்று கிடந்தது. ஒரு கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, செங்கல் பொடியை உருட்டி வைத்த மாதிரி ஆரஞ்சும் பழுப்பும் கலந்த நிறம், விரலில் வைத்தால் ஓரம் வழவழப்பாக இருந்தது. இவ்வளவு சின்னதா இத்தனை வலியைக் கொடுத்தது என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். கழுவி, உலர்த்தி, ஒரு சின்ன டப்பாவில் போட்டு ஆய்வகத்துக்குக் கொடுத்தேன். முழுக்க யூரிக் ஆசிட் என்று முடிவு வந்தது. கல் போகிற நாட்களில் வடிகட்டி இல்லையென்றால் ஒரு மெல்லிய துணியோ தேயிலை வடிகட்டியோகூடப் போதும், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நான் முதல் கல்லைப் பிடித்திருந்தால் இரண்டாவது வந்திருக்காது என்றே நம்புகிறேன்.

அடுத்ததாக 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை. ஒரு நாள் முழுக்க வருகிற சிறுநீரைப் பெரிய கேனில் சேர்த்துக் கொடுக்க வேண்டும், விடுமுறை நாளில் செய்வதுதான் வசதி, ஆனால் அன்றைக்கு மட்டும் கூடுதலாகத் தண்ணீர் குடித்து நல்ல பிள்ளையாக நடந்துகொண்டால் முடிவு பொய்யாகிவிடும், வழக்கம்போல இருக்க வேண்டும். எனக்கு வந்தது இது: மொத்த அளவு 1.1 லிட்டர், யூரிக் ஆசிட் 600 மில்லிகிராம், சிறுநீர் எவ்வளவு அமிலம் என்று காட்டும் பிஹெச் 5.1. நான் யூரிக் ஆசிட் எண்ணைப் பார்த்துப் பதறினேன். மருத்துவர் அதைத் தொடவே இல்லை, "அது சாதாரண அளவுதான், பிரச்சினை கீழே இருக்கிறது" என்று பிஹெச் மேல் பேனாவை வைத்தார்.

அவர் அன்று காகிதத்தில் போட்டுக் காட்டிய கணக்கை நானும் வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன், அதை இங்கே சொல்லியே ஆக வேண்டும். யூரிக் ஆசிட் சிறுநீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று கரையும் வடிவம், இன்னொன்று லேசில் கரையாத வடிவம். பிஹெச் 5.35 பக்கம் இரண்டும் பாதிப்பாதி. அதற்குக் கீழே போகப்போக, அதாவது சிறுநீர் அமிலமாக ஆகஆக, கரையாத வடிவம் கூடும். கரையாத வடிவம் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 100 மில்லிகிராம்தான் தாங்கும், அதற்கு மேல் போனால் படியத் தொடங்கும். என் 5.1-ல் சுமார் 64 சதவீதம் கரையாத வடிவம், அதாவது 600-ல் ஏறக்குறைய 385 மில்லிகிராம். அது 1.1 லிட்டரில் இருந்தால் லிட்டருக்கு 350. தாங்கும் அளவைப் போல மூன்றரை மடங்கு. இப்போது தண்ணீரை மட்டும் கூட்டி 2.3 லிட்டர் ஆக்கினால் லிட்டருக்கு 167, இன்னமும் எல்லைக்கு மேலேதான். அதே 600 மில்லிகிராமை வைத்துக்கொண்டு பிஹெச்சை 6.5 ஆக்கினால் கரையாத வடிவம் வெறும் 40 மில்லிகிராம், 2.3 லிட்டரில் லிட்டருக்கு 17. கல் புதிதாக உண்டாகாதது மட்டும் இல்லை, இருக்கிற கல்லே கரையத் தொடங்கும். இந்தக் கணக்கில் காபி எங்கேயுமே வரவில்லை என்பதைப் பாருங்கள். தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று எல்லோரும் சொன்னார்கள், அது எனக்கு ஏன் போதாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பிஹெச் ஏன் இவ்வளவு இறங்குகிறது என்றால், உடல் பருமன், சர்க்கரை நோய், இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை இவற்றில் சிறுநீரகம் அமிலத்தைத் தணிக்கிற அம்மோனியத்தைக் குறைவாகத்தான் உண்டாக்கும். இறைச்சி அதிகம் சாப்பிடுவதும் அமிலத்தைக் கூட்டும். எனக்கு எடை கூடியிருந்தது, சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது. ரத்தத்தில் யூரிக் ஆசிட் எவ்வளவு என்பதைவிட இதுதான் என் கல்லின் வேர்.

லேசரை ஒத்திப்போட்டோம். அதை நானாக முடிவு செய்யவில்லை. அடைப்பு இல்லை, காய்ச்சல் இல்லை, சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது, இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு மருத்துவர் சொன்னார். சிறுநீரின் அமிலத்தைக் குறைத்துப் பிஹெச்சை ஏற்றுகிற பொட்டாசியம் சிட்ரேட் மருந்தைப் பிரித்துப் பிரித்து நாளெல்லாம் எடுக்கச் சொன்னார். கூடவே பிஹெச் ஸ்ட்ரிப் ஒரு டப்பா. அந்தத் தாளைச் சிறுநீரில் நனைத்து டப்பா மேல் இருக்கிற நிறங்களோடு ஒப்பிட வேண்டும். முதல் நாள் காலை நனைத்ததும் மஞ்சள்-ஆரஞ்சு, 5. காலை முதல் சிறுநீர்தான் பெரும்பாலும் மிக அமிலமாக இருக்கும், அதனால் காலையும் இரவும் பார்த்தேன். பத்து நாளில் இளம்பச்சை வர ஆரம்பித்தது. 6.5 பக்கம் நிறுத்துவதுதான் குறி. நல்லதுதானே என்று 7-க்கு மேலே தள்ளக்கூடாது, அங்கே கால்சியம் பாஸ்பேட் கல் உருவாகும் ஆபத்து இருக்கிறது. இன்னொன்று, பொட்டாசியம் சிட்ரேட்டை யாரும் கடையில் வாங்கித் தானாகக் குடிக்க வேண்டாம். சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலோ, சில வகை ரத்த அழுத்த மருந்துகள் எடுத்தாலோ ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தைப் பாதிக்கும். எனக்கே இரண்டு வாரத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

காபியைக் கேட்டேன். கேட்கவே பயமாக இருந்தது. "குடியுங்கள், இனிப்புக் குளிர்பானத்தை நிறுத்துங்கள்" என்றார். எட்டு மாதத்தைத் தொலைத்தவனுக்கு அந்த ஒரு வரி போதவில்லை, அதனால் ஆய்வுகளைத் தேடி வாசித்தேன். 2013-ல் வந்த பெரிய ஆய்வு ஒன்று, 1,94,095 பேரை வைத்தது. நாளுக்கு ஒரு தடவையாவது கேஃபீன் உள்ள காபி குடித்தவர்களுக்கு, வாரம் ஒரு தடவைகூடக் குடிக்காதவர்களைவிட கல் வருவது 26 சதவீதம் குறைவு, கேஃபீன் நீக்கிய காபியில் 16 சதவீதம் குறைவு. அதே ஆய்வில் சர்க்கரை போட்ட கோலா குடித்தவர்களுக்கு 23 சதவீதம் கூடுதல். அடுத்த வருடம் அதே குழு கேஃபீனைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது, கேஃபீன் அதிகம் எடுப்பவர்களின் சிறுநீர் அளவு கூடுதலாகவும், கால்சியம் ஆக்சலேட்டும் யூரிக் ஆசிட்டும் படியும் வாய்ப்பு குறைவாகவும் இருந்தன.

ஆனால் இதைப் படித்துவிட்டு காபி கல்லைக் கரைக்கும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இவை மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள், யாருக்கும் காபி கொடுத்துச் சோதித்தவை இல்லை. காபி குடிப்பவர்கள் வேறு விதத்திலும் வித்தியாசமானவர்களாக இருக்கலாம். அதோடு கல் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கால்சியம் கல், யூரிக் ஆசிட் கல் பத்தில் ஒன்று என்ற கணக்கில்தான் வரும். அதனால் அந்த 26 சதவீதத்தை அப்படியே என் கல்லுக்குப் போட்டுக்கொள்ள முடியாது. கால்சியம் கல் உள்ளவர்களுக்கு இன்னொரு விஷயம்: 2004-ல் அவர்களுக்குக் கேஃபீனைக் கொடுத்து உடனே பரிசோதித்தபோது சிறுநீரில் கால்சியம் கூடியது. உங்கள் 24 மணி நேரப் பரிசோதனையில் கால்சியம் ஏற்கெனவே அதிகம் என்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு அளவோடு இருங்கள். கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகிற ஆக்சலேட் காபியில் குறைவு, அந்தப் பயம் காபிக்குத் தேவையில்லை, கட்டித் தேநீரில்தான் கூடுதல்.

எனக்குக் கிடைத்த பலன் சாதாரணமானது, ஆனால் உண்மையானது. காலையிலும் முற்பகலிலும் மூன்று கப் காபி திரும்ப வந்தது, சர்க்கரை அரைக் கரண்டிக்கும் குறைவு. ஒவ்வொரு கப்புக்கும் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். காபி குடித்தால் சிறுநீர் கூடுதலாகப் போகிறது, உடம்பு வறண்டுவிடும் என்ற பயமும் இருந்தது. பழகிய குடிகாரருக்கு என்று சொன்னால் தப்பாகிவிடும், பழகியவர்களுக்கு என்று சொல்கிறேன், காபியின் நீர் நாளின் கணக்கில் சேரத்தான் செய்கிறது. ஆறாவது வாரம் என் அளவு 2.3 லிட்டர், பிஹெச் 6.4. அந்த 9 மில்லிமீட்டர் கல் ஆறாவது வார ஸ்கேனில் 5 ஆகியிருந்தது, மூன்றரை மாதத்தில் குறைந்த கதிர்வீச்சு சி.டி.யில் இல்லவே இல்லை. அந்த நாளில் ரத்தத்தில் என் யூரிக் ஆசிட் எவ்வளவு தெரியுமா, 7.4. ரத்தத்தின் எண் ஏறக்குறைய அப்படியே இருக்க, கல் கரைந்துபோனது.

நான் இழந்ததைச் சொல்லிவிடுகிறேன். பதினொரு நாள் விடுப்பு, ஏறக்குறைய ஒரு வருடச் சேமிப்பு, லேசருக்குக் கட்டிய முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. எட்டு மாதம் காபி இல்லாமல் இருந்ததைவிட, நான் ஏதோ தப்பு செய்து கல்லை வரவழைத்துக்கொண்டேன் என்ற குற்ற உணர்வோடு அந்த எட்டு மாதத்தைக் கழித்ததுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. இரண்டாவது கல் வந்தபோது மனைவியிடம் "எங்கேயோ தெரியாமல் காபி குடித்திருப்பேனோ" என்று கேட்டிருக்கிறேன்.

இப்போது வலியோடு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று மட்டும். கல் வலியோடு காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால், சிறுநீர் வராமல் நின்றால், பிஹெச், காபி எதையும் யோசிக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அடைப்புக்குப் பின்னால் தொற்று சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். மற்றவர்கள் கல்லைப் பிடியுங்கள், வகையைக் கேளுங்கள், பிஹெச் எவ்வளவு என்று கேளுங்கள், அப்புறம் காபியைப் பற்றிப் பேசலாம். நான் இன்னமும் வாரத்தில் இரண்டு காலை ஸ்ட்ரிப் நனைத்துப் பார்க்கிறேன். பயணம் போய்த் தண்ணீர் குறைந்த வாரங்களில் மறுபடி மஞ்சள் பக்கம் போகிறது, அப்போதெல்லாம் மருத்துவரிடம் பேசி மருந்தைச் சரிசெய்துகொள்கிறேன். அடுத்த 24 மணி நேரப் பரிசோதனை வருகிற மாதம்.